எஸ் வளைவில் ஏறும் பஸ்ஸும் அதில் ஒட்டாத லேபிளும்

"அண்ணா, புளியரை எஸ் வளைவில் ஏறுகிற கேரளா பஸ் ஒன்றை எதிர்ச் சரிவில் ஸ்டாண்ட் போட்டு போனில் எடுத்தேன், 14 செகண்ட். பஸ்ஸிலிருந்து ஒரு கோடு கிளம்பி, மேலே 'தென்காசி – கொல்லம்' என்று லேபிள் விரிகிற மாதிரி செய்திருக்கிறேன். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் டிராக் பண்ணி ஒட்டினால், பஸ் மரத்துக்குப் பின்னால் போகும்போது கழன்றுவிடுகிறது. மற்ற இடத்திலும் மிதக்கிற மாதிரியே இருக்கிறது. ஸ்மூத்தர் போட்டும் சரியாகவில்லை. ஆணி அடித்த மாதிரி நிற்க என்ன செய்யணும்?"

தம்பி, நீங்கள் அனுப்பிய கிளிப்பையும் புராஜெக்ட்டையும் திறந்து பார்த்தேன். கழன்று போவதும் மிதப்பதும் வேறு வேறு கோளாறு. கழல்வது டிராக்கிங்கில் வந்த பிழை. மிதப்பதில் பாதி, டிராக்கிங் சரியாக இருந்தும் லேபிளை ஒட்டிய விதத்தில் வந்தது. மீதிப் பாதி அசைவை மழுக்கும் அந்த ஸ்மூத்தரால் வந்தது. மூன்றையும் கலந்து வைத்துக்கொண்டு தேடினால் எங்கே கை வைப்பது என்றே தெரியாது.

அதனால் முதலில் லேபிளை மறைத்துவிடுங்கள். டிராக் செய்த புள்ளியில் சின்னதாக ஒரு சிவப்புக் கூட்டல் குறியை மட்டும் வையுங்கள். படத்தை 400 சதவீதம் பெரிதாக்கி, Page Down விசையை அழுத்தி ஒவ்வொரு ஃபிரேமாக நகருங்கள். குறி அதே இடத்தைச் சுற்றி நடுங்கினால் டிராக்கர் பிடித்த புள்ளி சரியில்லை. நடுங்காமல் மெல்ல மெல்ல ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போனால் அது வழுக்கல். அதற்குக் காரணம் வேறு. குறி அசையாமல் நின்று, லேபிள் மட்டும் நகர்ந்தால் டிராக்கரைத் தொடவே வேண்டாம், தவறு ஒட்டிய இடத்தில் இருக்கிறது. உங்கள் கிளிப்பில் முதல் 180 ஃபிரேம் வரை குறி அருமையாக நிற்கிறது. ஆனால் லேபிள் அப்போதே மிதக்கிறது. அதிலேயே பாதி விடை இருக்கிறது.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்று. போன் வீடியோவில் ஃபிரேம் ரேட் நிலையாக இருக்காது. 29, 30 என்று ஏறி இறங்கும். டிராக் செய்தபோது பார்த்த ஃபிரேமும் ரெண்டரில் வரும் ஃபிரேமும் ஒன்றாக இல்லாமல் போனால், லேபிள் ஒரு ஃபிரேம் பின்தங்கி வரும். முதலில் ஒரே சீரான 30-க்கு மாற்றிவிடுங்கள்:

```
ffmpeg -i bus.mp4 -vf fps=30 -c:v prores_ks -profile:v 3 -c:a pcm_s16le bus_30.mov
```

ஃபைல் பெரிதாகத்தான் இருக்கும், பரவாயில்லை. கிளிப்பை ஆட்டமில்லாமல் ஆக்க வேண்டுமென்றாலும் அதை இந்தக் கட்டத்திலேயே முடித்து, ரெண்டர் எடுத்துக்கொண்டு, அப்புறம் டிராக் செய்யுங்கள். டிராக் செய்த பிறகு வீடியோவை மட்டும் ஸ்டெபிலைஸ் செய்தால் அடியில் இருக்கும் படம் நகரும், மேலே இருக்கும் லேபிள் பழைய ஆட்டத்தையே ஆடிக்கொண்டிருக்கும்.

இப்போது புள்ளிக்கு வருவோம். நீங்கள் பிடித்திருப்பது நடுச் சன்னலின் ஓரம். பஸ்ஸில் இதைவிட மோசமான இடம் கிடையாது. டிராக்கருக்கு அது சன்னல் என்று தெரியாது. அதன் இரண்டு பெட்டிகளில் உள் பெட்டிக்குள் இருக்கும் நிறப் புள்ளிகளின் அமைப்பை எடுத்துக்கொண்டு, அடுத்த ஃபிரேமில் வெளிப் பெட்டிக்குள் அதே அமைப்பு எங்கே இருக்கிறது என்று தேடும், அவ்வளவுதான். சன்னல்கள் வரிசையாக ஒன்றுபோலவே இருப்பதால், வெளிப் பெட்டி கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் பக்கத்துச் சன்னலைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தில் ரயில் போகும்போது எடுத்த ஒரு ஷாட்டில் எனக்கு இதேதான் நடந்தது. ஒரு வளைவின் விளிம்பைப் பிடித்தேன், கேமரா திரும்பிய வேகத்தில் டிராக்கர் அடுத்த வளைவுக்குத் தாவிவிட்டது. பதிமூன்றும் ஒரே அச்சு என்றால் அது என்ன செய்யும்?

நல்ல புள்ளிக்கு அடையாளம், குறுக்கே பார்த்தாலும் நெடுக்கே பார்த்தாலும் நிறம் சட்டென்று மாற வேண்டும். அதாவது மூலை. நீளமான கோடு மட்டும் இருந்தால் டிராக்கர் அந்தக் கோட்டின் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். சக்கரம் வேண்டாம், சுழல்கிறது. முன் கண்ணாடி வேண்டாம், அதில் தெரிவது வானமும் மரமும்தான். அவை பஸ்ஸோடு சேர்ந்து நகராது. ஹெட்லைட்டும் வேண்டாம், வளைவில் திரும்பும்போது வெளிச்சத்தின் வடிவமே மாறிவிடும். கூரையின் மூலை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பெட்டிக்குள் பாதி பின்னால் இருக்கும் காடு வந்துவிடுகிறது. பஸ் நகர நகர அந்தப் பச்சை மாறிக்கொண்டே இருப்பதால் டிராக்கர் குழம்பும்.

உங்கள் கிளிப்பில் முன்வாசலுக்கு மேலே சிவப்புப் பெயிண்டும் வெளிர்நிறப் பட்டையும் வாசல் ஓரத்தில் சந்திக்கும் இடம் இருக்கிறது பாருங்கள், அதுதான் சரியான மூலை. முழுக்க பஸ்ஸின் உடல்மேலேயே இருக்கிறது, பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று இல்லை. உள் பெட்டியை அந்த மூலையைச் சுற்றி 30 பிக்சல் அளவுக்கு வையுங்கள். வெளிப் பெட்டியின் அளவை ஊகித்து வைக்க வேண்டாம். கேமரா வேகமாகத் திரும்பும் இடத்துக்குப் போய், ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததுக்கும் அந்த மூலை எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். நான் பார்த்தவரை அதிகபட்சம் 14 பிக்சல். உள் பெட்டிக்கு வெளியே நாலு பக்கமும் 20, 25 பிக்சல் விட்டால் தாராளம்.

டிராக்கர் பேனலில் Options திறந்தால் Adapt Feature On Every Frame என்று ஒன்று இருக்கும். நீங்கள் அதை டிக் செய்து வைத்திருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள், மெல்ல ஒதுங்குகிற வழுக்கலுக்கு அதுதான் காரணம். ஒவ்வொரு ஃபிரேமிலும் தான் கண்டுபிடித்ததையே புதிய மாதிரியாக எடுத்துக்கொண்டு போவதால், ஒவ்வொரு தடவையும் வரும் கால் பிக்சல் பிழை மேலே மேலே சேர்ந்துகொண்டே போகும். அதற்குக் கீழே நம்பிக்கை அளவு 80 சதவீதத்துக்குக் குறைந்தால் என்ன செய்வது என்று கேட்கும் இடத்தில் Stop Tracking என்று வையுங்கள். சந்தேகம் வந்ததும் அது நின்றுவிடும், நீங்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். Subpixel Positioning கட்டாயம் டிக்கில் இருக்க வேண்டும். சாரல் நாளில் எடுத்த ஷாட்டாக இருந்து எல்லாம் மங்கலாகத் தெரிந்தால், Channel என்ற இடத்தில் RGB, Luminance இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் வெளிச்ச அளவில் ஒன்றாக இருக்கும் நாளில் RGB-தான் கைகொடுக்கும்.

சரி, அந்த மரம். 190-ஆவது ஃபிரேமில் பஸ்ஸின் முன்பக்கம் மரத்துக்குப் பின்னால் போகிறது, 212-இல் வெளியே வருகிறது. நீங்கள் அந்த 22 ஃபிரேமையும் அழித்துவிட்டு நேர்கோடாக இணைத்திருக்கிறீர்கள். அப்படிச் செய்தால் கேமராவைத் திருப்பிய கையின் சிறு நடுக்கம் அந்த முக்கால் செகண்டில் லேபிளுக்குப் போய்ச் சேராது. பஸ் நடுங்கும், லேபிள் மட்டும் வழவழவென்று போகும். அங்கேதான் கழன்ற மாதிரி தெரிகிறது.

ஆனால் கவனித்துப் பாருங்கள், மரத்தண்டு பஸ்ஸைவிட ஒல்லி. முன்வாசல் மறையும் நேரத்தில் பஸ்ஸின் பின்பாதி நன்றாகவே தெரிகிறது. பின்பாதி மறைவதற்குள் முன்வாசல் வெளியே வந்துவிடுகிறது. எந்த ஃபிரேமிலும் பஸ் முழுசாக மறையவில்லை. அது போதும் நமக்கு.

டிராக்கரில் மொத்தம் மூன்று பாகம் உண்டு: உள் பெட்டி, வெளிப் பெட்டி, அப்புறம் நடுவில் ஒரு கூட்டல் குறி. அந்தக் கூட்டல் குறிதான் லேபிள் ஒட்டப்போகும் இடம். அது பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 188-ஆவது ஃபிரேமில் நிறுத்துங்கள். Alt விசையை அழுத்திக்கொண்டு பெட்டியைப் பிடித்து இழுத்தால் பெட்டிகள் மட்டும் நகரும், கூட்டல் குறி நின்ற இடத்திலேயே நிற்கும். பெட்டியைப் பின்பக்கத்தில் சிவப்பு விளக்குக்குக் கீழே தெரியும் பம்பர் மூலைக்குக் கொண்டு போய் வைத்துவிட்டு டிராக்கிங்கைத் தொடருங்கள். இப்போது டிராக்கர் பார்ப்பது பின்பக்கத்தை, ஆனால் எழுதிக்கொண்டு போவது முன்வாசலின் இடத்தை. 214-இல் மறுபடி நிறுத்தி, பெட்டியை Alt இழுப்பால் பழைய மூலைக்கே கொண்டு வந்துவிடுங்கள்.

இதற்கு ஒரு எல்லை உண்டு. முன்வாசலுக்கும் பின் பம்பருக்கும் உள்ள தூரம் படத்தில் மாறாமல் இருக்கும் வரைதான் இந்தக் கணக்கு சரியாக வரும். 190 முதல் 212 வரை பஸ் நேர்ச்சாலையில் போவதால் தூரம் மாறவில்லை. இதையே 260-க்கு மேல், வளைவில் திரும்பும் இடத்தில் செய்தால், பஸ் கண்ணுக்குக் குட்டையாகிக்கொண்டே வருவதால் கூட்டல் குறி விலகிப் போகும். அப்படி ஆகிவிட்டால் பழைய மூலையோடு ஒப்பிட்டதும் தெரிந்துவிடும், குறி மூலைமேல் வந்து உட்காராது.

புதர் மாதிரி எதற்காவது பின்னால் பஸ் முழுசாக மறைந்தால் வேறு வழிதான். சாலையோரக் கைப்பிடிச் சுவரில் அசையாத ஒரு மூலையைத் தனியாக டிராக் செய்து, நல் ஆப்ஜெக்ட் என்கிற, ரெண்டரில் தெரியாத வெற்று லேயர் ஒன்றில் போடுங்கள். அதற்குக் குழந்தையாக இன்னொரு நல் வைத்து, பஸ் மறைந்த ஃபிரேமுக்கு ஒன்று, வெளியே வந்த ஃபிரேமுக்கு ஒன்று என்று இரண்டே கீஃபிரேம் போடுங்கள். கையின் நடுக்கம் சுவரிலிருந்து வந்துவிடும், பஸ்ஸின் சீரான ஓட்டம் உங்கள் இரண்டு கீஃபிரேமிலிருந்து வரும். லேபிள் லேயரை அந்த இடத்தில் Ctrl+Shift+D அழுத்தி வெட்டி, நடுத்துண்டை மட்டும் இந்த நல்லோடு இணைத்தால் போதும். கேமரா ஸ்டாண்டில் நின்றே திரும்புகிற ஷாட்டுக்கு இது பொருந்தும். நடந்துகொண்டே எடுத்தால் கிட்டே இருப்பதும் தூரத்தில் இருப்பதும் வேறு வேறு வேகத்தில் நகரும், அப்போது சுவர் பஸ்ஸுக்குச் சாட்சி சொல்லாது.

இனி ஒட்டுவது. நீங்கள் Apply அழுத்தி டிராக்கிங்கை நேராக லேபிளின் Position-இல் கொட்டியிருக்கிறீர்கள். ஏறக்குறைய ஃபிரேமுக்கு ஒரு கீஃபிரேம். லேபிள் மேலே எழும்பி வருவதற்கு நீங்கள் முன்பே வைத்திருந்த கீஃபிரேமெல்லாம் அதில் அழிந்துவிட்டது. லேபிள் இனி ஒரு பிக்சல் தள்ளி நிற்க வேண்டும் என்றாலும் கஷ்டம். எப்போதும் நடுவில் ஒரு நல் இருக்கட்டும். பஸ்ஸைத் துரத்துவது நல்லின் வேலை. எழும்புவது, விரிவது, மறைவது எல்லாம் லேபிளின் வேலை.

நான் Apply-கூட அழுத்துவதில்லை. நல்லின் Position-இல் இந்த எக்ஸ்பிரஷனை எழுதிவிடுவேன்:

```
v = thisComp.layer("bus_30.mov");
v.toComp(v.motionTracker("Tracker 1")("Track Point 1").attachPoint)
```

லேயரின் பெயரும் டிராக்கரின் பெயரும் உங்கள் திரையில் உள்ளபடியே இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டு நன்மை. மரத்துக்குப் பின்னால் நாலு ஃபிரேமைப் பிறகு திருத்தினாலும் அது தானாகவே நல்லுக்கு வந்துவிடும், மறுபடி Apply தேவையில்லை. அப்புறம், 4K வீடியோவைச் சுருக்கி 1080 காம்ப்பில் வைத்திருந்தாலும் `toComp` இடத்தைச் சரியாகக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும்.

அதன்பின் லேபிள் சரியாக உட்கார்ந்திருக்கும் ஒரு ஃபிரேமில் நின்றுகொண்டு, லேபிளை நல்லுக்குக் குழந்தையாக இணையுங்கள். இங்கேதான் முதல் 180 ஃபிரேமில் வந்த மிதப்பு. உங்கள் லேபிள் காம்ப்பின் ஆங்கர் பாயிண்ட் லேபிளின் நடுவில் இருக்கிறது. Scale 0-இலிருந்து 100-க்கு விரியும்போது லேபிள் தன் நடுவிலிருந்து நாலு பக்கமும் விரிகிறது. அதனால் பஸ்ஸைத் தொட வேண்டிய கோட்டின் அடிநுனி, ஒவ்வொரு ஃபிரேமிலும் பஸ்ஸை நோக்கி இறங்கிக்கொண்டே வருகிறது. பார்ப்பவருக்கு அது டிராக்கிங் தவறு மாதிரியே தெரியும். Y விசையை அழுத்தி ஆங்கர் பாயிண்ட்டைக் கோட்டின் அடிநுனிக்குக் கொண்டு போங்கள். விரிந்தாலும் சுருங்கினாலும் அந்த நுனி பஸ்மேலேயே இருக்கும். கோடு வரைவதை Trim Paths கொண்டு அடியிலிருந்து மேலே போகும்படி 10 ஃபிரேமில் முடித்து, கோடு முடிந்த பிறகே எழுத்து விரியட்டும்.

பஸ் மேலே ஏற ஏற சிறிதாகிறதே, லேபிளும் சிறிதாக வேண்டுமா என்று கேட்பீர்கள். இரண்டு புள்ளி பிடித்து Scale, Rotation இரண்டையும் டிராக் செய்ய வசதி இருக்கிறது. இந்த ஷாட்டில் வேண்டாம் என்பேன். இரண்டு புள்ளிக்கு நடுவில் உள்ள தூரத்தை வைத்துத்தான் அது அளவைக் கணக்கிடுகிறது. பஸ் வளைவில் திரும்பினால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள தூரம் பாதியாகும். பஸ் தள்ளிப் போகவில்லை, முகத்தைத்தான் திருப்பியது. ஆனால் உங்கள் லேபிள் பாதியாகச் சுருங்கி, வளைவு முடிந்ததும் மறுபடி ஊதிவிடும். நல்லில் முதல் ஃபிரேமுக்கு 100, நடு வளைவுக்கு 90, கடைசிக்கு 80 என்று கையால் மூன்று Scale கீஃபிரேம் வைத்தால் பார்க்க இயல்பாக இருக்கும். Rotation-ஐத் தொடவே வேண்டாம், எழுத்து நேராக நின்றால்தான் படிக்க முடியும்.

ஸ்மூத்தரை இன்றே எடுத்துவிடுங்கள். குண்டாறு அணையில் ஒரு படகுக்குப் பெயர் ஒட்டும்போது நானும் இந்தத் தவறைச் செய்தேன். டிராக்கிங் வரைபடம் பல் பல்லாக இருந்தது, அழகாக்கலாம் என்று மழுக்கினேன். லேபிள் தண்ணீருக்கு மேலே பலூன் மாதிரி மிதந்தது. அந்தப் பல்லெல்லாம் டிராக்கரின் பிழை இல்லை. காற்றில் கேமரா ஆடியதும் அலையில் படகு ஆடியதும்தான். அந்த ஆட்டம் படத்தில் இருக்கிறது, அப்படியானால் லேபிளிலும் அதே அளவு இருந்தாக வேண்டும். டிராக்கரின் பிழையால் வரும் நடுக்கத்தை, நான் முதலில் சொன்ன சிவப்புக் குறி மட்டுமே காட்டிக்கொடுக்கும். வரைபடத்தைப் பார்த்து அதை முடிவு செய்ய முடியாது. குறி நடுங்கினால் நல்ல மூலையாகத் தேடி மறுபடி டிராக் செய்யுங்கள். மழுக்குவது மருந்தாகாது.

மோஷன் பிளர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். லேபிளுக்கு அதை ஆன் செய்து, ஷட்டர் ஆங்கிளை வழக்கமான 180-இலேயே விட்டிருக்கிறீர்கள். நல்ல வெயிலில் போன் கேமரா 1/1000 செகண்டில் படம் எடுத்திருந்தால், 30 ஃபிரேமுக்கு அது 360 × 30 ÷ 1000, ஏறக்குறைய 11 டிகிரிதான். பஸ்ஸின் விளிம்பு கத்தி மாதிரி கூர்மையாகத் தெரிகிறது, லேபிள் மட்டும் மசமசவென்று இருக்கிறது. கண்ணுக்கு இதுவும் ஒட்டாத மாதிரியே படும். இந்தக் கிளிப்புக்கு மோஷன் பிளரை ஆஃப் செய்துவிடலாம். மாலை ஆறு மணிக்குமேல் எடுத்த ஷாட் என்றால் பஸ்ஸே கொஞ்சம் கலங்கித் தெரியும். அப்போது ஆங்கிளைக் கூட்டி, கலங்கல் இரண்டிலும் ஒரே அளவாக வரும் வரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

மரத்துக்குப் பின்னால் பஸ் போகும்போது லேபிளும் மறைய வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். லேபிள் நாம் பார்ப்பவருக்குச் சொல்லும் குறிப்பு, அதனால் அது மரத்துக்கு மேலேயே தெரிந்தால் தவறில்லை. பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதி ஒட்டிய மாதிரி காட்டுவதாக இருந்தால் மட்டும் மரத்தை மாஸ்க் போட்டு முன்னால் கொண்டு வாருங்கள்.

ஆரியங்காவு பக்கத்து ஆட்களுக்காக மலையாளத்தில் ஒரு பதிப்பு வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். நல் தனியாக இருப்பதால் அதற்கு டிராக்கிங்கைத் தொட வேண்டாம். மெயின் காம்ப்பை டூப்ளிகேட் செய்யுங்கள். புராஜெக்ட் பேனலில் லேபிள் காம்ப்பையும் தனியாக ஒரு தடவை டூப்ளிகேட் செய்யுங்கள், இல்லையென்றால் எழுத்தை மாற்றும்போது தமிழ்ப் பதிப்பும் சேர்ந்து மாறிவிடும். புதிய லேபிள் காம்ப்பில் எழுத்தை மாற்றி, புதிய மெயின் காம்ப்பில் பழைய லேபிள் லேயரைத் தேர்ந்தெடுத்து, Alt அழுத்திக்கொண்டு புதியதை அதன்மேல் இழுத்துப் போட்டால் இணைப்பும் கீஃபிரேமும் அப்படியே இருக்கும். மலையாளத்தில் எழுத்து அகலம் மாறும், ஆனால் ஆங்கர் பாயிண்ட் கோட்டின் அடியில் இருப்பதால் பஸ்ஸைத் தொடும் நுனி நகராது. லேபிளின் வலது ஓரம் மட்டும் 390-ஆவது ஃபிரேமுக்கு மேல் திரைக்கு வெளியே போகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.